"வாப்பா என்ன சென்னார்?": சோடனை இல்லாத ஒரு கவிதை உருவான விதம்

கவிதை எழுதிப் பழகுகிறவர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. வீட்டில் பேசுகிற சொல்லை மட்டும் வைத்து, உவமை உருவகம் எதுவும் இல்லாமல், கேட்கிறவர் மனத்தைத் தொடுகிற மாதிரி எழுத முடியுமா? முடியும் என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. எப்படி என்பதைச் சொல்ல எனக்கு ஒரு வழிதான் தெரியும். நான் எழுதிப் பிழைவிட்டு, திருத்தி, மறுபடி எழுதிய ஒரு சின்னக் கவிதையை அதன் பிழைகளோடு இங்கே விரித்து வைக்கிறேன். அது நல்ல கவிதை என்பதற்காக இல்லை. அதில் ஒவ்வொரு சொல்லும் எப்படி வந்தது, எது ஏன் போனது என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களின் கவிதைகளில் அதை ஊகிக்கத்தான் முடியும்.

விடயம் இதுதான். எங்கள் குடும்பம் உன்னிச்சையைச் சேர்ந்தது. குளத்துக்குக் கீழே வாப்பாவுக்கு நாலு ஏக்கர் வயல் இருந்தது. 1990 இல் ஊரை விட்டு வந்தோம். அதன் பிறகு ஏறாவூரில்தான் இருப்பு. வருசங்கள் போயின. உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவில் சுத்திகரித்து மட்டக்களப்பு நகரத்துக்கும் அதைச் சூழவுள்ள ஊர்களுக்கும் குழாயில் அனுப்பும் திட்டம் வந்தது. எங்கள் வீட்டு முற்றத்திலும் ஒரு குழாய் பூட்டினார்கள். வாப்பா முதல் மூன்று நாளும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. மருந்து மணக்குது என்றார், கிணற்றுத் தண்ணீரையே குடித்தார். நாலாம் நாள் இது எங்கே இருந்து வருகிறது என்று கேட்டார். சொன்னேன். குடித்தார்.

இதை எழுத வேண்டும் என்று அன்று இரவே தோன்றிற்று. எழுதினேன். இருபத்து நாலு வரி. குளத்தைத் தாயே என்று விளித்திருந்தேன். குழாயில் வருவது ஊரின் கண்ணீர் என்று ஒரு வரி. பிரிந்த மண் தந்த முத்தம் என்று இன்னொன்று. வாப்பாவின் கை நடுங்கிற்று, தொண்டைக்குழி விம்மிற்று, இருபது வருடத் தாகம் தணிந்தது. ஓர் இலக்கியக் கூட்டத்தில் வாசித்தேன், கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.

வீட்டுக்கு வந்து ராத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். குழாய்த் தண்ணீர் சங்கதி நடந்த அன்று அவ வீட்டில் இல்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டா. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அப்ப வாப்பா என்ன சென்னார்?"

நான் கவிதையைத் திரும்பிப் பார்த்தேன். வாப்பா என்ன சொன்னார் என்பது இருபத்து நாலு வரியில் எங்கும் இல்லை. நான் என்ன நினைத்தேன் என்பதுதான் அதில் முழுக்கவும் இருந்தது.

இரண்டாவது கேள்வி இன்னும் கூராக இருந்தது. "வாப்பாட கை எப்பயடா நடுங்கின?" நடுங்கவில்லை. அவர் அந்த வயதிலும் மண்வெட்டி பிடிக்கிற ஆள். கவிதைகளில் வரும் வயசாளிகளின் கை நடுங்கும் என்பதால் நானும் நடுங்க வைத்திருந்தேன். சோடனை என்றால் உவமையும் அடுக்குத்தொடரும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். கை நடுங்கிற்று என்பதில் உள்ள இரண்டு சொல்லும் சாதாரணச் சொல்தான். ஆனால் அதுவும் சோடனைதான். நடந்ததில் இருந்து வராமல், முன்பு வாசித்ததில் இருந்து வந்த சரக்கு. நெஞ்சு வெடித்தது, கண் குளமாகியது என்று பேச்சில் நாம் சொல்வதும் இந்தச் சாதிதான். நாளாந்தம் புழங்குகிற சொல் என்பதாலேயே ஒன்று எளிமை ஆகிவிடாது.

குளத்தைத் தாயாக்கியதில் என்ன கெட்டுப்போயிற்று என்பது விளங்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. உருவகம் ஒரு பொருளை இன்னொன்றாக்கிக் காட்டும். பல இடங்களில் அது வேண்டியதுதான், நான் உருவகத்துக்கு விரோதி இல்லை. ஆனால் இந்தச் சம்பவத்தின் முழுப் பலமும் அந்தத் தண்ணீர் வேறொன்றும் இல்லை என்பதில்தான் இருந்தது. அது உண்மையாகவே எங்கள் குளத்துத் தண்ணீர். எங்கள் வயலில் பாய்ந்த அதே வாய்க்காலுக்குப் போக வேண்டியது, இரும்புக் குழாய்க்குள்ளே ஏறி, நாங்கள் ஓடி வந்த ஊருக்கே வந்து, எங்கள் கோப்பையில் விழுகிறது. அதைக் கண்ணீர் என்று நான் சொன்னதும் அது உன்னிச்சைத் தண்ணீராக இருப்பதை விட்டுவிட்டது. கண்ணீர் எந்த ஊரிலும் வரும்.

இனி மறுபக்கத்தில் நான் விழுந்த பள்ளம். சோடனை எல்லாவற்றையும் வழித்து எறிந்துவிட்டு இப்படி எழுதினேன்: எங்கள் வீட்டுக்குக் குழாய் வந்தது, தண்ணீர் உன்னிச்சையில் இருந்து வருகிறது, வாப்பா அதைக் குடித்துச் சந்தோஷப்பட்டார். எல்லாம் எளிய சொல், பொய்யும் இல்லை. ஆனால் செத்த எழுத்து. எளிமை என்று இப்போது அச்சாகிறவற்றில் பாதி இந்த மாதிரிதான் இருக்கிறது; பத்திரிகைச் செய்தியை முறித்து முறித்து வரியாக்கியது.

ஏன் செத்துப்போயிற்று? முதற் காரணம், சந்தோஷப்பட்டார் என்ற சொல். முடிவை நானே சொல்லிவிட்டேன், வாசிக்கிறவருக்குச் செய்ய வேலை இல்லை. அதைவிடப் பெரிய காரணம், இதில் யாரும் எதையும் வேண்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. உண்மையில் நடந்தபோது ஒரு மறுப்பு இருந்தது. மூன்று நாள் குடிக்காமல் இருந்த மனிசன் நாலாம் நாள் குடிக்கிறார். அந்தத் திருப்பத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நீர்வழங்கல் அறிக்கை. உவமை இல்லாத கவிதையைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் இப்படி ஒரு திருப்பம்தான். ஆகவே ஒரு சம்பவத்தை எளிய சொல்லில் எழுதப் போகிறவர் முதலில் தேட வேண்டியது சொல்லை இல்லை. அதற்குள்ளே யார் எதற்கு ஓம்பட்டார், எதற்கு மாட்டேன் என்றார் என்பதைத்தான்.

ஆறு ஏழு தடவை எழுதிய பிறகு நின்ற வடிவம் இது:

குழாய்

குழாய் வந்து மூண்டு நாள்.
மருந்து மணக்குதெண்டு
வாப்பா அந்தத் தண்ணியக் குடிக்கல்ல.
நாலாம் நாள் கேட்டார்:
"எங்க இருந்து வருகுது?"
"உன்னிச்சைக் குளத்தில இருந்து."
"அப்ப, நம்மட வட்டைக்குப் பாயிற தண்ணி."
கோப்பைய நீட்டினார்.
பிஸ்மி சொல்லிக் குடிச்சார்.
இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னார்.

இதில் எனக்கு ஆகக் கூடிய வேலை தந்தது ஏழாவது வரி. வாப்பா உண்மையில் சொன்னது "பாயிற தண்ணி". நான் அதை முதலில் "பாய்ஞ்ச தண்ணி" என்று எழுதினேன். அதுதானே சரி? நாங்கள் வந்து இருபது வருசத்துக்கு மேலாயிற்று, அந்த வயலில் எங்கள் கை பட்டுக் கனகாலம். இலக்கணமும் நியாயமும் என் பக்கம் இருந்தன. பிறகு இரண்டையும் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். "பாய்ஞ்ச" என்றால் ஒரு மனிசன் பழசை நினைக்கிறார். "பாயிற" என்றால் அவருடைய கணக்கில் அந்த வயல் இன்னும் அவருடையது, வாய்க்காலில் இப்போதும் தண்ணீர் போகிறது. இருபத்து நாலு வரியில் நான் கத்திக் கத்திச் சொல்லப் பார்த்த இழப்பு முழுவதும் ஒரு நிகழ்கால இடைநிலைக்குள் இருந்தது. அதை நான் திருத்தி அழிக்கப் பார்த்திருக்கிறேன்! மனிதர் பேசியதை எழுதும்போது அவர்கள் விட்ட பிழையைத் திருத்தக் கை ஓடும். அந்தப் பிழைக்கு முன்னால் ஒருக்கால் நின்று பார்ப்பது நல்லம்.

"வட்டை" பற்றியும் சொல்ல வேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு வாய்க்காலின் கீழ் ஒன்றாகக் கிடக்கும் வயல் பரப்பை வட்டை என்போம். வாசித்த ஒரு நண்பர், வெளியூரவருக்கு விளங்காது, வயல் என்று போடு என்றார். போட்டுப் பார்த்தேன், கருத்துக் கெடவில்லை. ஆனால் வயல் என்றால் ஒருவருடைய துண்டு நிலம். வட்டை என்றால் பக்கத்து வரம்புக்காரனும் சேர்ந்துதான். "நம்மட" என்ற சொல்லோடு அது சேரும்போது தனி ஆளின் நாலு ஏக்கர் ஓர் ஊராகிறது. விளங்காத வாசகருக்கும், தண்ணீர் பாயும் இடம் என்று வரியே காட்டிக்கொடுக்கிறது. அதனால் விட்டுவிட்டேன். வட்டாரச் சொல்லை எடுப்பதற்கு இது ஒரு நல்ல அளவுகோல்: அந்தச் சொல்லுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது இருக்க வேண்டும், சுற்றி உள்ள சொற்கள் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஊர்வாசம் வரட்டும் என்று தூவினால் அதுவும் சோடனைதான். அதே காரணத்துக்காகத்தான் பேச்சின் ஒலியை முழுவதுமாக எழுத்தில் கொண்டுவரவில்லை. சொன்னார் என்பதை நாங்கள் சென்னார் என்றுதான் சொல்வோம். கவிதையில் அப்படி எழுதினால் வாசகர் அந்த எழுத்தில் தடக்கி நிற்பார், நிற்கக்கூடாத இடத்தில்.

பிஸ்மி என்ற சொல்லை வைப்பதா விடுவதா என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் அது தண்ணீர், கோப்பை என்பவை போல ஒரு சொல். குடிக்க முன் எல்லாரும் சொல்வது, விசேசம் எதுவும் இல்லை. வெளியே இருந்து வாசிக்கிறவருக்கு அது ஒரு அடையாளமாகப் பட்டுவிடுமோ என்று பயம் வந்தது. ஆனால் அந்தச் சொல்லை எடுத்தால் குடிப்பதற்கு முன் ஒரு கணம் இல்லாமல் போகிறது. கோப்பை கையில், இன்னும் வாயில் படவில்லை, அந்த இடைவெளி. அதை வேறு எந்தச் சொல்லால் நிரப்பினாலும் கண்ணை மூடினார், பெருமூச்சு விட்டார் என்று பழைய பாதைக்குத்தான் போக வேண்டி வரும். வைத்தேன்.

வரிகளின் ஒழுங்கும் ஒரு வேலை செய்கிறது. முதலில் தலைப்பு "உன்னிச்சைத் தண்ணி" என்று இருந்தது. அப்படி என்றால் வாப்பாவுக்கு முன்னமே வாசகருக்கு விடை தெரிந்துவிடும். அவர் கேள்வி கேட்கும்போது வாசகர் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவரோடு நிற்கமாட்டார். குழாய் என்று மாற்றியதும், ஊரின் பெயர் ஆறாவது வரியில்தான் வருகிறது. வாப்பாவும் வாசகரும் ஒன்றாகக் கேட்கிறார்கள். உவமை செய்யும் வேலையை இங்கே செய்வது, எதை எப்போது சொல்கிறோம் என்பதுதான்.

கடைசி வரியிலும் ஒரு தடுமாற்றம். "பிஸ்மி சொல்லிக் குடிச்சார்" என்பதோடு நிறுத்தலாமா? நிறுத்தினால் அது கொஞ்சம் மேடைக் கவிதை போல, விளக்கை அணைத்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருப்பது போல எனக்குப் பட்டது. இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னார் என்பது நடந்தது, சின்ன விடயம், பாரம் இல்லாதது. அதன் பாரம் இல்லாமைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. இதில் என்னோடு ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

இது வீட்டுக்குள் நடக்கும் சின்னச் சங்கதிக்குச் சரி, ஊர் எரிந்த கதைக்கு இந்த மொழி போதுமா என்று கேட்கலாம். எங்கள் கிழக்கிலேயே விடை இருக்கிறது. கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி எழுதிய "புத்தரின் படுகொலை"யை இந்தக் கண்ணோடு மறுபடி வாசித்துப் பாருங்கள். கனவில் புத்தர் சுடப்படுகிறார். சுட்டவர்கள் என்ன உடையில் வந்தார்கள், உடல் எந்தப் படியில் கிடந்தது, இரவில் யார் வந்து என்ன பேசினார்கள், எத்தனை புத்தகத்தை அடுக்கிக் கொளுத்தினார்கள் என்று பொலிஸில் கொடுக்கும் வாக்குமூலம் மாதிரி அது போகிறது. அழுகை இல்லை, சாபம் இல்லை. நடக்காதது என்று அதில் ஒன்றே ஒன்றுதான்: புத்தர் கொல்லப்பட்டது. அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அறிக்கைத் தமிழ். கற்பனை முழுவதையும் சம்பவத்தில் வைத்துவிட்டு, சொல்லில் கொஞ்சமும் வைக்கவில்லை. இந்தப் பங்கீடு கவனிக்கத்தக்கது. சோடனை இல்லாத மொழி என்றால் கற்பனைக்கே இடமில்லை என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கவிதை நல்ல மறுமொழி.

நுஃமான் பாலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும்கூட. மஹ்மூத் தர்வீஷ் 1964 அளவில் எழுதிய "அடையாள அட்டை" ஓர் அலுவலகப் படிவத்தை நிரப்புகிற மாதிரிப் போகும். அட்டை இலக்கம், பிள்ளைகளின் எண்ணிக்கை, செய்யும் தொழில், முடியின் நிறம், கண்ணின் நிறம். எதிரே ஒரு உத்தியோகத்தர் இருக்கிறார், அவருக்குத்தான் பதில். எண்களும் நிறங்களும் வாசிக்கிறவரை இப்படிப் பிடிப்பதற்குக் காரணம், கேட்கிறவர் ஒருவர் கவிதைக்குள்ளேயே நிற்பதுதான். எங்கள் ஊர்க்கவிகளிலும் இது உண்டு. அவற்றில் உவமை இல்லை என்று சொல்லமாட்டேன், நிறையவே இருக்கிறது. ஆனால் மச்சானோ மச்சியோ உம்மாவோ, யாராவது ஒருவரைப் பார்த்துத்தான் கவி படிப்பார்கள். ஒருவர் காதில் விழ வேண்டும் என்று பேசும்போது வாயில் சோடனை குறையும். என் கவிதை இருபத்து நாலு வரியாக இருந்தபோது அது யாரையும் பார்த்துப் பேசவில்லை. ராத்தாவுக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்த பிறகுதான் பத்து வரியானது.

இந்த முறைக்கு எல்லையும் இருக்கிறது. உன்னிச்சை எங்கே, அங்கே இருந்து ஏன் வந்தோம் என்பது தெரியாத ஒருவருக்கு இந்தப் பத்து வரி எவ்வளவு போய்ச் சேரும்? தொண்ணூறில் விட்டு வந்த ஊர் என்று ஒரு வரி சேர்த்துப் பார்த்தேன். சேர்த்ததும் வாப்பா பின்னுக்குப் போனார், நான் முன்னுக்கு வந்து விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அடிக்குறிப்புப் போட்டுப் பார்த்தேன், கவிதையைவிட அடிக்குறிப்பு நீளமாயிற்று. கடைசியில் அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டேன். தூரத்து வாசகருக்கு, ஒரு வயசாளி தன் வயல் தண்ணீரை வேறிடத்தில் குடிக்கிறார் என்பது மட்டும் கிடைக்கும். அவ்வளவும் கிடைத்தால் சரி. கவிதையால் சொல்ல முடியாத வரலாற்றைக் கட்டுரையில் எழுதலாம், அதற்கு இடம் இருக்கிறது.

எழுதி முடித்தது பிழைத்திருக்கிறதா என்று பார்க்க நான் செய்வது ஒன்று. வரி முறிப்பை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே பந்தியாக, வீட்டில் ஒருவருக்குச் சொல்வதுபோல் சொல்லிப் பார்ப்பேன். சொல்லும்போது எந்தச் சொல்லில் வாய் கூசுகிறதோ அந்தச் சொல் போக வேண்டியது. "பிரிந்த மண் தந்த முத்தம்" என்று ராத்தாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. மேடையில் முடிந்தது.

பத்து வரியை வாப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவருக்குக் கவிதையில் பெரிய ஈடுபாடு இல்லை. சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஊத்தச் சென்னன்தான்," என்றார். "நீ அரைக் கோப்பைதான் ஊத்தின."